நாலு இலட்சம் வரிசையில் ஒரு ஆளைத் தேட மூன்று வழி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுவை: காலை, பகல், அந்தி. செக்ரோல் என்கிற தொழிலாளர் பதிவேட்டில் 620 பேர் இருக்கிறார்கள். லீவு, சுகவீனம் எல்லாம் போக, கொழுந்துக்குப் போகிறவர்கள் 470 பேர் அளவில். ஆளுக்கு மூன்று வரிசை என்றால் நாளொன்றுக்கு 1,400 வரிசை. இப்படி 290 சொச்சம் வேலை நாள் சேர்ந்து, 2024 டிசம்பரில் எங்கள் எக்செல் கோப்பில் 412,000 வரிசை நின்றது.

மாதாமாதம் செய்கிற வேலைதான். மலையில் மின்தராசு பதிந்த கிலோவையும், கணக்கப்பிள்ளைமார் எழுதித் தந்து நாங்கள் ஏற்றுகிற செக்ரோல் கிலோவையும் வரிசைக்கு வரிசை பொருத்துவோம். ஒரு கிலோ பிசகினால் ஒரு ஆளின் மேலதிகக் கிலோக் காசு பிசகும். சில நாளில் முழுப் பேர் அரைப் பேராகி, முழு நாள் சம்பளம் அரை நாளாகிவிடும். ஒரு மாதத்துக்கு 35,000 வரிசைதான் வரும், எக்செல் கொஞ்சம் முனகிவிட்டு முடித்துவிடும். அந்த டிசம்பரில் ஒரு கிலோப் புகார் வந்தது. வருடம் முழுவதையும் ஒரே தடவையில் பார்த்துவிடுங்கள் என்றார் பெரிய கிளாக்கர் ஐயா. ஒரு தாளில் உள்ள எண்ணை இன்னொரு தாளில் தேடி எடுக்கிற வழக்கமான VLOOKUP சூத்திரத்தைக் கீழ் வரைக்கும் இழுத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். குடித்துவிட்டு வந்து பார்த்தேன், கீழ் ஓரத்தில் சதவீதம் நாலில் நின்றது.

வரிசை பன்னிரண்டு மடங்குதான் கூடியிருக்கிறது, நேரமும் பன்னிரண்டு மடங்கு கூடினால் போதாதா என்று எங்கள் ஆபீஸ் தம்பி கேட்டான். போதாது. தேடுகிற வரிசையும் பன்னிரண்டு மடங்கு, ஒவ்வொரு தேடலும் நடக்க வேண்டிய தூரமும் பன்னிரண்டு மடங்கு. பெருக்கினால் 144. ஒரு மாதத்துக்கு 10 நொடி எடுத்த வேலை, வருடத்துக்கு 24 நிமிடம் கேட்கும்.

இந்த இடத்தில் எங்களுக்கு மூன்று வழி இருந்தது. மூன்றையும் செய்து பார்த்தோம், ஒன்றில் நன்றாக அடியும் பட்டோம். எதை எப்போது எடுப்பது என்று சொல்வதற்கு முன், திறவுகோல், அதாவது ஒரு வரிசையைத் தேட வைத்திருக்கிற எண், அதைப் பற்றி இரண்டு வார்த்தை. அது சரியில்லாவிட்டால் மூன்று வழியும் வீண்.

தேடும் எண்

ஒரு வரிசையை அடையாளம் காட்ட மூன்று விஷயம் வேண்டும்: திகதி, செக்ரோல் நம்பர், எத்தனையாவது நிறுவை. முன்பெல்லாம் இவற்றை நடுவில் கோடு போட்டு எழுத்தாக ஒட்டிவைத்திருந்தோம். எழுத்தை எழுத்தோடு ஒப்பிடுவது எண்ணை எண்ணோடு ஒப்பிடுவதைவிட மெதுவான வேலை. அதனால் ஒரே எண்ணாக மாற்றினோம். Scale என்ற தாளில் B திகதி, C செக்ரோல் நம்பர், D நிறுவை, E கிலோ. A பத்தியில் இது:

```
=INT(B2)*1000000+C2*10+D2
```

எக்செல்லுக்குத் திகதி என்பது ஒரு எண்தான். 2024 மே 15 அதற்கு 45427. அன்றைக்கு 4187ஆம் நம்பர்காரரின் பகல் நிறுவை 45427041872 ஆகிவிடும். பதினொரு இலக்கம். எக்செல் 15 இலக்கம் வரை பிசகாமல் வைத்திருக்கும் என்பதால் பயமில்லை. INT எதற்கென்றால், தராசு திகதியோடு நேரத்தையும் சேர்த்துப் பதிகிறது. நேரம் என்பது அந்த எண்ணின் பின்னம், அதை வெட்டாவிட்டால் ஒன்றும் பொருந்தாது. இன்னொரு நன்மையும் உண்டு: தராசுக் கோப்பில் நம்பர் சில சமயம் எழுத்தாக, முன்னால் பூச்சியத்தோடு வரும். பத்தால் பெருக்கியவுடன் அது எண்ணாகிவிடும். செக்ரோல் தாளிலும் இதே அமைப்பு, A பத்தியில் இதே சூத்திரம்.

முதல் வழி: தலையிலிருந்து வால் வரை

```
=VLOOKUP(A2,Scale!$A$2:$E$412001,5,FALSE)
```

கடைசியில் உள்ள FALSE, அச்சொட்டாக இதே எண்தான் வேண்டும் என்கிறது. எக்செல் முதல் வரிசையில் தொடங்கி, இதுவா இல்லை, இதுவா இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு இறங்கும். பட்டியல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. சராசரியாகப் பாதிப் பட்டியலைத் தாண்டித்தான் ஆள் கிடைப்பார், அதாவது 206,000 ஒப்பீடு. அப்படி 412,000 தேடல். பெருக்கினால் ஏறத்தாழ 8,500 கோடி. ஆள் பட்டியலிலேயே இல்லாவிட்டால் இன்னும் மோசம். இல்லை என்று சொல்ல 412,000 வரிசையையும் கடைசி வரை பார்த்தாக வேண்டும்.

அதைவிட எரிச்சல் ஒன்று இருக்கிறது. பொருத்தி முடிந்தபின் Scale தாளில் ஒரு கிலோவைத் திருத்தினேன், ஒரே ஒரு கலம். உடனே எல்லாம் உறைந்தது. காரணம், அந்தச் சூத்திரம் A முதல் E வரை முழு வீச்சையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீச்சுக்குள் எந்தக் கலம் அசைந்தாலும் அதை நம்பியிருக்கிற 412,000 சூத்திரமும் மறுபடி ஓடும். திருத்தியது திறவுகோல் இல்லை, வெறும் கிலோதான் என்று எக்செல் பிரித்துப் பார்ப்பதில்லை. கணிப்பைக் கைமுறைக்கு மாற்றி F9 அழுத்துவது வலிக்கு மாத்திரை போடுகிற மாதிரி. F9 அழுத்தும்போது அதே வலி திரும்பி வரும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018க்குப் பின் வந்த மைக்ரோசாஃப்ட் 365 பதிப்புகளில் VLOOKUP, HLOOKUP, MATCH மூன்றும் ஒரே வீச்சில் திரும்பத் திரும்பத் தேடும்போது உள்ளுக்குள் ஓர் அட்டவணை போட்டுக்கொள்கின்றன. அங்கே இதே சூத்திரம் இவ்வளவு இழுக்காது. உங்கள் கணினியில் அந்தப் பதிப்பு இருந்து, வேகமும் போதுமானதாக இருந்தால் இதற்கு மேல் வாசிக்கத் தேவையே இல்லை, FALSE போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். எங்கள் ஆபீஸில் இருந்தது எக்செல் 2016.

பாதி பாதியாக வெட்டித் தேடுவது

அடுத்த இரண்டு வழிக்கும் அடிப்படை ஒன்றுதான். பட்டியல் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கப்பட்டிருந்தால் தலையிலிருந்து நடக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு வரிசையைப் பார்த்தால் போதும்.

மே 15, 4187, பகல் நிறுவை. இதையே தேடுவோம். 412,000 வரிசையின் நடுவில், 206,000ஆவது இடத்தில் இருப்பது ஜூன் கடைசி வாரத்து வரிசை. நமக்கு வேண்டியது மே, அது மேலேதான் இருக்கும். ஆகவே கீழ்ப் பாதியை அப்படியே தள்ளிவிடலாம். அதில் ஒரு வரிசையைக்கூடப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டோம். மீதி 206,000. அதன் நடுவில் மார்ச் மாதம், மே அதற்குக் கீழே. மேல் பாதி போனது, மீதி 103,000. அடுத்து 51,500. இப்படி எட்டுத் தடவை வெட்டும்போது 1,600 வரிசைதான் மிஞ்சும். அது கிட்டத்தட்ட ஒரு நாளின் பதிவு. அதாவது வருடத்திலிருந்து நாளுக்கு வர எட்டு வெட்டு, அந்த நாளுக்குள் ஆளையும் நிறுவையையும் பிடிக்க இன்னும் பதினொன்று. மொத்தம் 19.

இரண்டை 19 தடவை பெருக்கினால் 524,288. நம் பட்டியல் அதற்குள் அடங்கிவிடுவதால்தான் 19 போதும். பட்டியல் இரண்டு மடங்கானாலும் ஒரே ஒரு வெட்டு கூடும், அவ்வளவுதான். 412,000 தேடலுக்கும் சேர்த்து 78 இலட்சம் ஒப்பீடு. 8,500 கோடி எங்கே, 78 இலட்சம் எங்கே. பட்டியலை முதலில் அடுக்குவதற்கு ஒரு செலவு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது ஒரு தடவைச் செலவு, சில நொடிகள்.

இரண்டாம் வழி: MATCH, அதன்பின் ஒரு சந்தேகம்

பழைய எக்செல்லில் பாதி வெட்டித் தேடச் சொல்ல, VLOOKUP-இல் கடைசியில் TRUE போட வேண்டும், MATCH-இல் 1 போட வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. TRUE என்றால் அச்சொட்டாக வேண்டாம், இதுவோ இதைவிடச் சின்னதில் மிகப் பெரியதோ கொடு என்று பொருள். தேடுகிற எண் இல்லாவிட்டால் எக்செல் வாய் திறந்து சொல்லாது. அதற்கு முன்னால் நிற்கிற ஆளின் கிலோவைத் தூக்கிக் கொடுத்துவிடும். 4187 அன்றைக்குப் பகல் நிறுவைக்கு வரவில்லை என்றால் அதே ஆளின் காலைக் கிலோ வந்து உட்காரும். காலைக்கும் வரவில்லை என்றால் 4186இன் அந்திக் கிலோ. இரண்டும் கொழுந்துக் கிலோதான், 12, 17 என்று பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். யாருக்குச் சந்தேகம் வரும்?

அதனால் TRUE போட்டுத் தேடிய பிறகு, கிடைத்தது தேடியதுதானா என்று ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும். நாங்கள் இதை இரண்டு பத்தியாகப் பிரித்தோம். செக்ரோல் தாளின் F பத்தி இடத்தை மட்டும் கண்டுபிடிக்கும்:

```
=MATCH(A2,Scale!$A$2:$A$412001,1)
```

G பத்தி சந்தேகப்படும், பிறகு கிலோவை எடுக்கும்:

```
=IF(ISNA(F2),"இல்லை",
 IF(INDEX(Scale!$A$2:$A$412001,F2)=A2,
 INDEX(Scale!$E$2:$E$412001,F2),"இல்லை"))
```

ISNA எதற்கு? தேடுகிற எண் பட்டியலின் முதல் எண்ணைவிடச் சின்னதாக இருந்தால் MATCH-க்குக் கொடுக்க எதுவும் இல்லை, #N/A போட்டுவிடும். அதைப் பிடிக்கத்தான்.

இப்படி இரண்டாகப் பிரித்ததில் நாங்கள் எதிர்பாராத இலாபம் ஒன்று கிடைத்தது. F பத்தி Scale தாளின் A பத்தியை மட்டும்தான் பிடித்திருக்கிறது. கிலோவைத் திருத்தினால் F அசையாது. G மட்டும் ஓடும், அதில் தேடல் எதுவும் இல்லை, இன்ன இடத்தில் உள்ளதை எடுத்து வா என்ற வேலைதான். கிலோவோடு வேறு பத்திகளும் தேவைப்பட்டால், உதாரணமாகத் தராசு நம்பர், மலை நம்பர், அதே F-ஐ வைத்து எடுக்கலாம். ஒரு தடவை தேடி மூன்று தடவை எடுக்கலாம்.

முன்பு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வைத்த வேலை இதில் இரண்டு மூன்று நொடியில் முடிந்தது. தம்பி நம்பவில்லை. ஏதோ விட்டுப் போயிருக்கும் அண்ணே என்று நூறு வரிசையை எடுத்துக் கையால் சரி பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவனுடைய சந்தேகம் நல்ல சந்தேகம் என்று அடுத்த வாரமே தெரிந்தது.

மூன்றாம் வழி: XLOOKUP, கடைசியில் ஒரு 2

```
=XLOOKUP(A2,Scale!$A$2:$A$412001,
 Scale!$E$2:$E$412001,"இல்லை",0,2)
```

இதில் 0 என்றால் அச்சொட்டாக வேண்டும். 2 என்றால் பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது, பாதி வெட்டித் தேடு. பழைய சூத்திரங்களில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சொட்டு வேண்டுமா, மெதுவாக நட. வேகம் வேண்டுமா, தோராயத்தை ஏற்றுக்கொள். XLOOKUP இரண்டையும் பிரித்துவிட்டது. அதனால் சந்தேகம் பார்க்கத் தனிச் சூத்திரம் வேண்டாம், ISNA வேண்டாம், உதவிப் பத்தி வேண்டாம். இறங்குவரிசையில் அடுக்கியிருந்தால் 2க்குப் பதில் -2.

இந்த 2-ஐ விட்டுவிட்டால் எக்செல் அதை 1 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது முதலிலிருந்து தேடு. XLOOKUP என்று எழுதிவிட்டாலே வேகம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வேகத்தைக் கொண்டுவருவது அந்தக் கடைசி இலக்கம்தான்.

மூன்றில் எழுத எளிது இதுதான், மாதக் கடைசியில் இன்னொருவர் திறந்து பார்த்தாலும் விளங்கும். ஆனால் 365-இலும் 2021-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும்தான் இருக்கிறது. 2016-லும் 2019-லும் இல்லை. புதிய பதிப்பில் எழுதிய கோப்பை எங்கள் 2016-இல் திறந்தால் முதலில் பழைய விடைகள் அப்படியே தெரியும், எல்லாம் சரி என்று தோன்றும். சூத்திரத்தைப் பார்த்தால் `_xlfn.XLOOKUP` என்று இருக்கும். மறுபடி கணிக்கச் சொன்னவுடன் பத்தி முழுக்க #NAME? ஆகிவிடும். கோப்பு இரண்டு மூன்று ஆபீஸுக்குப் போய் வரும் என்றால் இரண்டாம் வழியே பாதுகாப்பு.

ஒழுங்கு குலைந்தால்

இனித்தான் முக்கியமான விஷயம். வேகத்தில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மூன்று வழிகளுக்கு இடையிலே தேர்ந்தெடுக்க வேண்டியது, பட்டியலின் வரிசை குலைந்த நாளில் எது என்ன செய்யும் என்பதை வைத்துத்தான்.

எங்களுக்குக் குலைந்த நாள் டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய் மாலை ஒரு டிவிஷனில் மின்சாரம் இல்லை. தராசுப் பதிவு அன்றைக்கு இறங்கவில்லை, வெள்ளிக்கிழமை காலைதான் வந்தது. 80 பேர், 240 வரிசை. தம்பி அதைப் பட்டியலின் அடியில் ஒட்டினான். திறவுகோலில் திகதி முன்னால் இருப்பதால் சாதாரணமாக இது பிழையாகாது. ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிடப் பெரிய எண், அடியில் ஒட்டினாலே வரிசை தானாக அமைந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் ஒட்டினான். ஆனால் இது வியாழனுக்குக் கீழே வந்து உட்கார்ந்த செவ்வாய்.

முதல் வழியாக இருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. FALSE எல்லா வரிசையையும் பார்க்கிறது, செவ்வாய் எங்கே கிடந்தாலும் பிடித்துவிடும். மெதுவாக நடப்பவனுக்கு அந்த ஒரு நன்மை உண்டு.

எங்கள் கோப்பு இரண்டாம் வழியில் இருந்தது. செவ்வாய்க்கிழமை 240 வரிசைக்கும் G பத்தியில் "இல்லை" வந்தது. அதை எதிர்பார்க்கலாம், தேடல் செவ்வாய் இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. திகைக்க வைத்தது வியாழன்தான். எந்தக் குற்றமும் செய்யாத வியாழக்கிழமையிலும் 160 வரிசை அளவில் "இல்லை" என்று வந்தது. எல்லாம் பெரிய நம்பர்கள், அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர்கள் பதிவு தாளில் கண்ணுக்கு எதிரே இருக்கிறது.

தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. வியாழனைத் தேடும்போது எட்டு வெட்டில் கடைசி 1,600 வரிசை மிஞ்சும். அடுத்த நடு, அடியிலிருந்து 800ஆவது, அது வியாழன். அதற்கடுத்தது 400ஆவது, அதுவும் வியாழன்தான். இன்னும் பெரிய நம்பர் வேண்டுமென்றால் கீழே போக வேண்டும். அடுத்த நடு 200ஆவது. அங்கே நிற்பது பின்னால் ஒட்டிய செவ்வாய். செவ்வாய் வியாழனைவிடச் சின்னது, ஆகவே தேடியது இன்னும் கீழேதான் இருக்கும் என்று எக்செல் முடிவு செய்து, உண்மையில் ஆள் இருக்கிற மேல் துண்டைத் தள்ளிவிட்டது. அடியிலிருந்து 400க்கும் 240க்கும் இடையில் இருந்த வியாழன் வரிசைகள், 160, அப்படியே தொலைந்தன. நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து இந்த எண்ணிக்கை மாறும். பிழையான இடத்தைவிடப் பிழை தெரியும் இடம் பெரிதாக இருக்கும் என்பது மட்டும் மாறாது.

சரி, சந்தேகம் பார்க்கும் பகுதி இல்லாமல் வெறும் TRUE மட்டும் போட்டிருந்தால்? 400 "இல்லை"க்குப் பதில் 400 கிலோ வந்திருக்கும். செவ்வாய் ஆட்களுக்கு நம்பரில் முன்னால் நிற்கிற வேறு டிவிஷன்காரரின் கிலோ. வியாழன் ஆட்கள் 160 வரிசைக்கும் பட்டியலின் கடைசி வரிசைக் கிலோ, எல்லாம் ஒரே எண். இது நடந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு அடையாளமும் இதுதான்: விடைப் பத்தியில் ஒரே எண் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தால் வரிசை குலைந்திருக்கிறது. சம்பளத்தில் "இல்லை" என்று வந்தால் நாம் தேடுவோம். பக்கத்து ஆளின் 14 கிலோ வந்தால் தேட மாட்டோம், காசு போய்விடும். அதனால் வெறும் TRUE-ஐ நான் எந்தச் சம்பளக் கணக்கிலும் ஏற்க மாட்டேன். XLOOKUP-இல் 0, 2 போட்டிருந்தால் வரிசை குலைந்த நாளில் நம் இரண்டாம் வழியைப் போலவே "இல்லை" என்றுதான் சொல்லும்.

அன்றிலிருந்து தாளின் தலையில் மூன்று கலம் வைத்திருக்கிறோம். முதலாவது, மேலே உள்ளதைவிடக் கீழே உள்ளது பெரிதாக இல்லாத இடங்களை எண்ணும்:

```
=SUMPRODUCT(--(Scale!A3:A412001<=Scale!A2:A412000))
```

பூச்சியம் வர வேண்டும். வேண்டுமென்றே சமனையும் சேர்த்திருக்கிறோம், ஏனென்றால் ஒரே ஆளுக்கு ஒரே நிறுவையில் இரண்டு சாக்கு தனித்தனியாகப் பதிந்தால் ஒரே திறவுகோல் இரண்டு தடவை வரும். FALSE அதில் முதலாவதைக் கொடுக்கும், MATCH-இல் 1 போட்டால் கடைசியானது வரும். இரண்டும் பிழை, கூட்டிய கிலோதான் வேண்டும். அப்படி வந்தால் தேடுவதற்கு முன்பே கூட்டி ஒரு வரிசையாக்கிவிடுகிறோம். இரண்டாவது கலம் `=COUNT(Scale!A2:A412001)`, அது 412,000 காட்ட வேண்டும். குறைந்தால் எங்கோ ஒரு திறவுகோல் எண்ணாக இல்லாமல் எழுத்தாக நிற்கிறது. எழுத்து கலந்த பத்தியை அடுக்கும்போது எக்செல் ஒரு கேள்வி கேட்கும். அதில் `Sort anything that looks like a number, as a number` என்பதைத் தேர்ந்தால் எழுத்து 4187 எண் 4187க்குப் பக்கத்தில் போய் உட்காரும். கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் எக்செல்லின் ஒழுங்கில் எழுத்து எல்லா எண்ணையும்விடப் பெரியது, வரிசை குலைந்ததாகவே கணக்கு. 

மூன்றாவது கலம் அடுக்கும்போது நடக்கிற இன்னொரு விபத்துக்கு. திறவுகோலைப் பெறுமதியாக ஒட்டி வைத்திருக்கும்போது, A பத்தியை மட்டும் தேர்ந்து அடுக்கினால், மற்றப் பத்திகளையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் `Continue with the current selection` என்று கொடுத்தால் திறவுகோல் மட்டும் இடம் மாறும், கிலோ மாறாது. முதல் இரண்டு கலமும் எல்லாம் சரி என்றுதான் காட்டும். அதனால் திறவுகோலை மறுபடி கட்டி ஒப்பிட்டுப் பார்க்கிறோம்:

```
=SUMPRODUCT(--(INT(Scale!B2:B412001)*1000000
 +Scale!C2:C412001*10+Scale!D2:D412001
 <>Scale!A2:A412001))
```

பட்டியலில் வரிசை கூடும்போது வீச்சும் கூட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. 412001 என்று கையால் எழுதிவிட்டு 240 வரிசையை அடியில் சேர்த்தால் அவை தேடலுக்கு வெளியே நிற்கும். Ctrl+T கொடுத்து டேபிளாக்கிவிட்டால் வீச்சு தானே நீளும்.

இப்போது எங்கே எது

எங்கள் 2016 கணினியில் இரண்டாம் வழி, MATCH-உம் சந்தேகமும். புதிய மடிக்கணினி வந்தபின் அதில் மட்டும் செய்கிற அறிக்கைகளுக்கு XLOOKUP, கடைசியில் 0, 2. பட்டியலை யாரும் அடுக்கப் போவதில்லை, ஒரு நாளைக்கு நாலு தடவை எங்கெங்கோ வரிசை செருகுவார்கள் என்ற கோப்பாக இருந்தால் பாதி வெட்டும் வழியை நான் கைவிடுவேன். அங்கே எக்செல்லுக்குள்ளேயே இருக்கிற பவர் குவெரியில் இரண்டு பட்டியலையும் Merge செய்து இணைப்பது நல்லது. அதற்குப் பட்டியல் அடுக்கியிருக்கத் தேவையில்லை. ஆனால் Refresh அழுத்தும்போதுதான் விடை புதுப்படும், தட்டச்சு செய்யச் செய்யப் பக்கத்தில் விடை தெரிய வேண்டும் என்பவர்களுக்கு ஒத்துவராது.

இன்னொரு தேடலும் அதே கோப்பில் இருக்கிறது. நம்பரைக் கொடுத்தால் ஆளின் பேரும் டிவிஷனும் வரும். அது தேடுகிற பட்டியல் 620 வரிசைதான். தம்பி அதையும் மாற்றிவிடுவோமா என்று கேட்டான். தலையிலிருந்து நடந்தாலும் சராசரி 310 ஒப்பீடு, 412,000 வரிசைக்கும் சேர்த்து 13 கோடிக்குள். ஒரு நொடி அளவு வேலை. அந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்கிறவர்களை அடியில் எழுதுவோம், ஓய்வு பெற்றவரின் நம்பரைச் சில சமயம் நடுவில் வேறொருவருக்குக் கொடுப்போம், பேர் வரிசையில் மாற்றி அடுக்கி அச்செடுப்போம். அதை VLOOKUP, FALSE என்றே விட்டுவைத்திருக்கிறோம்.